இரண்டு படங்களும் ‘ரத்து’ என்ற ஒரு சொல்லும்: நிபந்தனைப் பக்கங்களை ஒப்பிடுவது பற்றிக் கேள்வி பதில்

திருப்பாதிரிப்புலியூர் வாசகி: ஐயா, பஸ் டிக்கெட் செயலியின் நிபந்தனைப் பக்கத்தை மாற்றத்துக்கு முன்பும் பின்பும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். 9ஆம் பிரிவு மாறவே இல்லை. ஆனாலும் பஸ்ஸை அவர்களே நிறுத்திவிட்டுப் பணம் தர மறுக்கிறார்கள். எதைத் தவறவிட்டேன்?

அம்மா, மாற்றம் 2ஆம் பிரிவில் இருக்கிறது. பழைய படத்தில் “ரத்து என்பது வாடிக்கையாளரோ நிறுவனமோ பயணத்தைக் கைவிடுவது” என்று இருக்கிறது. புதியதில் “வாடிக்கையாளர் பயணத்தைக் கைவிடுவது” என்று மட்டும் இருக்கிறது. நிறுவனம் என்ற சொல்லும் இரண்டு ஓகாரங்களும் போய்விட்டன. “ரத்து செய்யப்பட்டால் 7 வேலை நாட்களில் பணம் திருப்பித் தரப்படும்” என்னும் 9ஆம் பிரிவை எழுத்துக்கூடத் தொடவில்லை. ஆனால் பஸ்ஸை அவர்களே நிறுத்தினால் புதிய பக்கத்தின்படி அது ‘ரத்து’ ஆகாது. அதனால்தான் மறுக்கிறார்கள்.

புதுச்சேரி அச்சகங்களில் 26 ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியவன் நான். இந்த 2ஆம் பிரிவைப் போலச் சொற்களுக்குப் பொருள் சொல்லும் விளக்கப் பகுதியை முதலில் படியுங்கள். அங்கே மாறிய சொல்லைக் குறித்துக்கொண்டு, கீழே அது வரும் இடங்களையெல்லாம் தேடுங்கள். உங்கள் பக்கத்தில் ‘ரத்து’ நான்கு இடங்களில் வருகிறது. நான்கிலும் பொருள் மாறிவிட்டது.

நீங்கள் எழுதிய ஆறு வேறுபாடுகளில் நான்கு வேறுபாடுகளே அல்ல. புதிதாக ஒரு 11ஆம் பிரிவு நுழைந்ததால் பழைய 11, 12ஆகி, அதன் பிறகு வந்தவையும் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கியிருக்கின்றன. எண்ணை விட்டுவிட்டு, பிரிவின் முதல் வரியை வைத்து இணை சேருங்கள்.

இன்னொன்று. டிக்கெட்டை மாற்றத்துக்கு முன்பே எடுத்தீர்களா? அப்படியானால் பழைய வாசகத்தை வைத்து வாதாட இடம் உண்டு. ஏற்கெனவே எடுத்த டிக்கெட்டுகளுக்கும் புதியது பொருந்தும் என்று கடைசியில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் இரண்டு படங்களும் 16ஆம் பிரிவோடு வெட்டப்பட்டிருக்கின்றன. தயவுசெய்து படத்தை வெட்டாதீர்கள்.

லாஸ்பேட்டை வாசகர், வடிவமைப்பாளர்: எதற்கு இவ்வளவு படிப்பு? ஒரு படத்தின் மேல் மற்றொன்றை வைத்து ஒளி ஊடுருவச் செய்தால் வேறுபாடு தானே தெரியும்.

ஒரே அளவில், ஒரே கைப்பேசியில் எடுத்த படமாக, வரி எதுவும் நகராமல் இருந்தால் தெரியும். இந்தப் படங்களை அப்படி வைத்துப் பார்த்தேன். இரண்டாம் பிரிவில் சொற்கள் குறைந்ததால் ஒரு வரி மேலேறியது. அதற்குக் கீழே பக்கம் முழுவதும் வேறுபாடாகவே தெரிந்தது.

நெய்வேலி மாணவர்: கணினியில் செய்ய எளிய வழி உண்டா?

உண்டு. முதலில் tesseract என்ற கருவியால் படத்திலிருந்து எழுத்தை எடுங்கள், பிறகு git கொண்டு சொல் சொல்லாக ஒப்பிடுங்கள்.

```
tesseract old.png old -l tam
tesseract new.png new -l tam
git diff --no-index --word-diff old.txt new.txt
```

துணைக்காலையும் ரகரத்தையும் கருவி குழப்பிக்கொள்ளும், புள்ளியை விழுங்கும். அது காட்டுகிற ஒவ்வொரு வேறுபாட்டையும் படத்தில் சரிபாருங்கள். இரண்டு படங்களிலும் ஒரே இடத்தில் தவறாகப் படித்துவிட்டால் அது காட்டவே காட்டாது. ஆகவே பணம், நாள், ‘தரப்படும்’, ‘தரப்படாது’ வரும் வரிகளை ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் மற்றப் படத்தில் விரல் வைத்துத் தொடர வேண்டும். தமிழில் மறுப்பு சொல்லின் வாலில் ஒளிந்திருக்கிறது. கண் அதைத் தாண்டி ஓடிவிடும்.

கடலூர் முதுநகர் வாசகர்: வாட்ஸ்அப்பில் வந்த படம் மங்கலாக இருக்கிறது. என்ன செய்வது?

அனுப்பியவரிடம் ஆவணமாக மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். வெட்டாமல்.

வில்லியனூர் வாசகர்: என் வீட்டு வாடகை ஒப்பந்தத்தையும் வீட்டுக்காரர் இப்படி மாற்ற முடியுமா?

இருவர் கையெழுத்திட்ட தாள் அது. வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

முத்தியால்பேட்டை வாசகி: இந்தப் படங்கள் நுகர்வோர் ஆணையத்தில் செல்லுமா?

மின்னணுப் பதிவைச் சான்றாக வைப்பதற்கான சான்றிதழைப் பற்றி, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63ஆம் பிரிவு பேசுகிறது. ஆணையம் எதைக் கேட்கும் என்பதை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். மூலக் கோப்பை மட்டும் அழிக்காதீர்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் கேட்கலாம்.

லாஸ்பேட்டை வாசகர்: நான் விடப்போவதில்லை. பிரிவு பிரிவாகத் துண்டாக்கி ஒன்றன்மேல் ஒன்று வைத்தேன். 7ஆம் பிரிவில் தடித்த எழுத்தில் இருந்த ஒரு வரி இப்போது சாதாரண எழுத்தில் இருக்கிறது. உங்கள் கருவி காட்டியதா?

காட்டவில்லை. நானும் பார்க்கவில்லை. பணம் பிடித்தம் பற்றிய எச்சரிக்கை வரி அது. சொல் மாறவில்லை, ஆனால் கண்ணில் படாதபடி ஆக்கிவிட்டார்கள். பட்டியலில் சேர்த்துவிட்டேன். துண்டாக்கி வைத்தால் உங்கள் முறையும் வேண்டியதுதான். ஆனால் முழுப் பக்கத்துக்கு அது போதும் என்பதை இன்னும் ஏற்கவில்லை.

வேறொருவர்: மங்கலான படத்துக்கு என்ன வழி?

மேலே முதுநகர்க்காரருக்குச் சொல்லிவிட்டேன்.

திருப்பாதிரிப்புலியூர் வாசகி: ஐயா, இப்போது கடைசி வரை போய்ப் பார்த்தேன். “முன்பு எடுத்த டிக்கெட்டுகளுக்கும் பொருந்தும்” என்று 18ஆம் பிரிவில் இருக்கிறது. பழைய பக்கத்தில் இருந்ததா என்று தெரியவில்லை.

அதே நிபந்தனைகள் நிறுவனத்தின் இணையதளத்திலும் இருந்தால், அந்த முகவரியை web.archive.org தளத்தில் கொடுத்து, மாற்றத்துக்கு முந்தைய தேதியில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 18ஐ மட்டுமல்ல, 16க்குக் கீழே உள்ள அனைத்தையும் எனக்கு அனுப்புங்கள்.