காலித் தெருவில் நாலு பேரை நடக்க விடுவது: கேள்வி பதில்

அண்ணா, புதுச்சேரி டூமாஸ் வீதியில் காலை 7 மணிக்கு எடுத்த காலித் தெருதான் பேக்ரவுண்ட். ஃபோட்டோஷாப்பில் அதன் மேல் கல்யாண ஜோடியை வைத்தால் கட்-அவுட் மாதிரி தனியாக நிற்கிறார்கள். பின்னால் நாலு பேரைச் சின்னதாக்கி வைத்தேன், இன்னும் மோசமாகிவிட்டது.

நீங்கள் அனுப்பிய படத்தில் தூரத்து ஆட்களின் தலை ஜோடியின் இடுப்புக்கு நேராக இருக்கிறது. சமதளத் தெருவில் அவர்கள் குழந்தைகளாக இருந்தால்தான் அப்படித் தெரியும். முதலில் அடிவானக் கோட்டைப் பிடியுங்கள். சாலை ஓரம், ஜன்னல் விளிம்பு போன்ற கோடுகளை நீட்டினால் ஒரு புள்ளியில் சேரும். அதன் வழியே ஒரு படுக்கைக் கோடு போடுங்கள். கேமரா 150 செ.மீ. உயரத்தில் இருந்திருந்தால், பக்கத்தில் நிற்பவரோ தூரத்தில் நிற்பவரோ, யாராக இருந்தாலும் தரையிலிருந்து 150 செ.மீ. வரும் இடம் அந்தக் கோட்டில்தான் விழும்.

உங்கள் படத்தையே எடுத்துக்கொள்வோம். கோடு மேலிருந்து 1200 பிக்சலில் இருக்கிறது. வழிப்போக்கர் ஒருவரின் பாதம் 1500-ல் என்றால், நடுவே உள்ள 300 பிக்சல்தான் 150 செ.மீ. அதாவது செ.மீ.க்கு 2 பிக்சல். ஆள் 165 செ.மீ. என்றால் 330 பிக்சல் உயரம் வைக்க வேண்டும். உச்சந்தலை கோட்டுக்குக் கொஞ்சம் மேலே வரும். தூரம் கூடக் கூடப் பாதம்தான் மேலேறும், தலைகள் ஏறக்குறைய ஒரே வரிசையில் நிற்கும். தெரு மேடாகவோ சரிவாகவோ இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

சார், நிழலுக்கு எல்லோருக்கும் ஒரே Drop Shadow போட்டுவிடலாமா?

வேண்டாம். இந்தத் தெருவில் நீள நிழலே கூடாது. வீதி வடக்கு தெற்காகப் போகிறது, காலை வெயில் கடல் பக்கமிருந்து வருகிறது. கிழக்கு வரிசை வீடுகள் சாலையை மறைத்துவிடும்; மேற்கு வரிசைச் சுவர்களின் மேல்பகுதியில் மட்டும் வெயில் இருக்கும். அதனால் செருப்புக்கு அடியில் சின்னக் கருமை போதும். Multiply லேயரில், நிறுத்தியிருக்கும் பைக்குக்கு அடியில் உள்ள இருட்டிலிருந்தே நிறத்தை எடுத்து, பாதம் தரையைத் தொடும் இடத்தில் அழுத்தமாகவும் தள்ளிப்போகப்போக லேசாகவும் தீட்டுங்கள். நடப்பவர் தூக்கிய குதிகாலுக்கு அடியில் அது இன்னும் வெளிறித்தான் இருக்கும். அப்புறம், வெயில் பட்ட மஞ்சள் சுவரைப் பார்த்த பக்கத்தில் சட்டைக்கு மெல்லிய மஞ்சள் சாயல் கொடுங்கள். மூக்கு நிழல் கறாராக விழும் உச்சி வெயில் ஆட்களை எடுத்து மெனக்கெடாதீர்கள், தூக்கிப் போடுங்கள்.

நான் எல்லா ஆட்களுக்கும் Gaussian Blur கொடுத்துவிடுவேன். மங்கலாக இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள், அவ்வளவுதான் விஷயம்.

பாதி சரி. ஆளுக்குப் பக்கத்தில், அதே தூரத்தில் இருக்கும் ஜன்னல் கம்பி எவ்வளவு மங்கலோ, அவரும் அவ்வளவு மங்கலாக இருக்க வேண்டும். கம்பி கூர்மையாக இருந்து ஆள் மட்டும் மங்கினால் அதுவே காட்டிக்கொடுக்கும். அதைவிட முக்கியம் கருப்பு. தூரத்து ஆளின் தலைமுடி, அந்தத் தூரத்துக் கதவிடுக்கின் இருட்டைவிடக் கருப்பாக இருக்கக் கூடாது. Levels-ல் Output Levels-இன் இடது முனையைக் கொஞ்சம் உயர்த்திப் பாருங்கள். படத்தைச் சின்னதாக்கிப் பார்த்தாலே முடிகள் ஓட்டையாகத் தெரிகிறதா இல்லையா என்று புரியும். நாய்ஸ் கடைசியில், எல்லாவற்றுக்கும் சேர்த்து.

எனக்குத் தெருவில் இருக்கும் டூரிஸ்டுகளைப் படத்திலிருந்து நீக்கிவிட வேண்டும். அதற்கு என்ன செய்வது?

கேள்வி தலைகீழ்தான், ஆனால் நல்ல நேரத்தில் கேட்டீர்கள். ட்ரைபாடை அசைக்காமல் இடைவெளி விட்டுப் பல ஃபிரேம்கள் எடுத்து, எல்லாவற்றையும் ஒரே ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக்கி Stack Mode-ல் Median கொடுங்கள். நடந்துகொண்டே இருந்தவர்கள் மறைவார்கள், ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தவர் மறைய மாட்டார். அந்த ஃபிரேம்களை அழிக்காதீர்கள். முதலில் கேட்ட தம்பிக்கும் இதைத்தான் சொல்வேன்: அதே லென்ஸ், அதே உயரம், அதே வெளிச்சத்தில் நடந்தவர்களை மாஸ்க் போட்டுத் திரும்பக் கொண்டுவந்தால் மேலே சொன்ன வேலையில் முக்கால்வாசி குறைந்துவிடும்.

எத்தனை பேர் வேண்டும், எங்கே வைப்பது?

எண்ணிக்கையில் ஆளுக்கொரு கருத்து. காலை 7 மணித் தெருவுக்கு மூன்று பேரே எனக்குப் போதும், இன்னும் கூட்டம் கேட்பவர்களும் உண்டு. ஆனால் ஒருவராவது ஜோடியின் தோளுக்குப் பின்னால் பாதி மறைய வேண்டும். அந்த மறைப்புதான் ஜோடியைத் தெருவோடு சேர்க்கிறது. இன்னொருவர் ஃபிரேம் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு வெளியேறட்டும். சைக்கிள்காரர், வாக்கிங் போகும் பெரியவர் பொருந்துவார்கள். குடை பிடித்தவர் பொருந்த மாட்டார். யாரும் கேமராவைப் பார்க்க வேண்டாம்.

தெரியாத ஆட்களின் முகத்தை விளம்பரப் படத்தில் போடலாமா?

வீட்டு ஆல்பத்துக்கும் விளம்பரத்துக்கும் ஒரே பதில் கிடையாது. விளம்பரம் என்றால் எழுத்தில் சம்மதம் வாங்காமல் நான் முகம் போட மாட்டேன். முதுகு காட்டி நடப்பவர்களை எடுப்பேன், இல்லையென்றால் ஸ்டூடியோப் பையன்களையே அந்தத் தெருவில் நடக்கச் சொல்வேன்.