அதே சளியா, அடுத்த சளியா? கேள்வி பதில்

பரிசோதனைக்கூடத்தில் மூக்குச் சளி மாதிரிகளோடு இருபது வருடங்களுக்கு மேல் காலம் தள்ளியவள் நான். மருத்துவர் அல்ல. அதனால் மருந்துச் சீட்டு கேட்காதீர்கள்.

ராகவி: அக்கா, அக்டோபர் கடைசியில் ஜலதோஷம். பத்து நாளில் சரியாகிவிட்டது. நவம்பர் நடுவில் மறுபடியும். என் உடம்பில் எதிர்ப்பு சக்தியே இல்லையா?

இருக்கிறது. ஆனால் போன வாரம் வந்த திருடனின் முகம்தான் அதற்குத் தெரியும். ஜலதோஷத்தை அதிகம் கொண்டுவருவது ரைனோவைரஸ், அதிலேயே நூற்றறுபதுக்கும் மேல் வகைகள். ஒரு வகைக்கு உருவாகும் ஆன்டிபாடி அடுத்த வகையைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. அவை போக, ஜலதோஷம் தருகிற கொரோனா வைரஸ்கள் நான்கு, அடினோ, பாராஇன்ஃப்ளுவென்சா, ஆர்.எஸ்.வி. எல்லாம் மழைக்காலத்தில் ஒன்றாகச் சுற்றுகின்றன. பெரியவர்களுக்கு வருடத்துக்கு இரண்டு மூன்று ஜலதோஷம் சாதாரணம். பால்வாடிக் குழந்தைக்கு ஆறு, எட்டு என்று போகும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் உங்கள் கணக்கும் ஏறும்.

நடுவில் முழுதாகத் தெளிந்திருந்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். நாலைந்து நாளாவது மூக்கு, தொண்டை, தூக்கம் எல்லாம் பழையபடி இருந்து, பிறகு தொண்டைக் கரகரப்பில் புதிதாகத் தொடங்கியிருந்தால் அது அநேகமாக அடுத்த வைரஸ். இருமல் மட்டும் விடாமல் இழுத்து, நடுவில் கொஞ்சம் கூடியிருந்தால் பழையதன் வால்.

வெங்கட்: ஒரு தடவை வந்தால் எத்தனை மாதத்துக்குக் கவலை இல்லை? ஒரு எண் சொல்லுங்கள்.

ஒரே எண் கிடையாது. ஆனால் ஒரு பழைய சோதனையைச் சொல்கிறேன், உங்களுக்கே புரியும்.

இங்கிலாந்தில் சாலிஸ்பரி அருகே 1946 முதல் 1990 வரை ஜலதோஷத்துக்கென்றே ஒரு ஆராய்ச்சி நிலையம் இருந்தது. தன்னார்வலர்களைச் சின்னச் சின்ன வீடுகளில் இரண்டு மூன்று பேராகத் தனியே தங்கவைத்து, மூக்கில் வைரஸைச் சொட்டுவிடுவார்கள். யாருக்கு எவ்வளவு சளி என்பதைப் பயன்படுத்திய காகிதக் கைக்குட்டைகளை வைத்தே கணக்குப் பார்ப்பார்கள். அங்கே 15 பேருக்கு 229ஈ என்ற கொரோனா வைரஸைக் கொடுத்தார்கள். 10 பேருக்குத் தொற்றியது, அதில் 8 பேருக்குச் சளி. ஆன்டிபாடி சில வாரங்களில் உச்சத்துக்குப் போய், மூன்று மாதத்துக்குள் இறங்கத் தொடங்கியது. ஒரு வருடம் கழித்து, தொற்றியிருந்தவர்களில் 9 பேர் திரும்ப வந்தார்கள். அதே வைரஸ், அதே மூக்கு. 6 பேருக்கு மறுபடி தொற்றியது. ஆனால் ஒருவருக்கும் சளி பிடிக்கவில்லை. வைரஸ் வெளியேறிய நாட்களும் முதல் தடவையைவிடக் குறைவு.

ஆக, நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. வைரஸை வாசலிலேயே தடுக்கிற காவல் சில மாதங்களில் தளர்ந்துவிடுகிறது. உள்ளே வந்ததை நோயாக விடாமல் அமுக்குகிற நினைவு அதைவிட நாள்பட நிற்கிறது.

சேதுராமன்: எனக்கு 71 வயது. ஆறு வாரமாக இருமல், ராத்திரி தூங்க முடியவில்லை. இது எந்த வைரஸ்?

ஐயா, வைரஸ் எப்போதோ போயிருக்கலாம். புண்பட்ட மூச்சுக்குழாய் ஆற எட்டு வாரம்கூட ஆகும். ஆனால் உங்கள் வயதில் இதை எழுத்தில் படித்து முடிவு செய்யக்கூடாது. இந்த வாரமே நெஞ்சு மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கைத் தொடாதீர்கள்.

மணிவண்ணன்: மேடம் சொல்வது தவறு. 1918-ல் உலகம் முழுக்கப் பரவிய ஃப்ளூ காய்ச்சலில் பிழைத்தவர்களின் ரத்தத்தில் 90 வருடம் கழித்தும் ஆன்டிபாடி இருந்திருக்கிறது. ஃப்ளூ ஒருமுறை வந்தால் ஆயுசுக்கும் போதும். மறுபடி வருவதெல்லாம் வெறும் சளி.

முதல் பாதி முழுக்கச் சரி. 2008-ல் வெளிவந்த ஆய்வு அது. இன்னும் நல்ல சாட்சி ஒன்று தருகிறேன். ஃப்ளூவின் எச்1என்1 வகை 1957-ல் மறைந்து, 1977-ல் கிட்டத்தட்ட அதே பழைய உருவத்தில் திரும்பியது. பிடித்தது பெரும்பாலும் இருபத்தைந்து வயதுக்குக் கீழே இருந்தவர்களைத்தான். முன்பே அதைப் பார்த்திருந்த பெரியவர்கள் பலருக்கு ஒன்றும் ஆகவில்லை. இருபது வருட நினைவு!

சறுக்குவது இரண்டாவது பாதியில். நினைவு நிற்கிறது, வைரஸ் நிற்பதில்லை. நம் ஆன்டிபாடி போய் ஒட்டுகிற வெளிப்புரதத்தின் தலைப்பகுதி கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே இருக்கிறது, எச்3என்2-ல் இன்னும் வேகமாக. சில வருடத்தில் பழைய சாவி சரியாகப் பொருந்தாது. அப்புறம், ஒரே பருவத்தில் ஏ வகையின் எச்1என்1, எச்3என்2, அதோடு பி வகை மூன்றும் சுற்றலாம். நவம்பரில் ஏ வந்தவருக்கு பிப்ரவரியில் பி வருவது ஒன்றும் அதிசயமில்லை.

மணிவண்ணன்: அப்படியானால் ஆர்.எஸ்.வி. அவ்வளவாக மாறுவதே இல்லையே? அது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

இது நல்ல கேள்வி, மற்றதை மன்னித்தேன். 15 பெரியவர்களுக்கு அதே ஆர்.எஸ்.வி.யைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று உண்டு. இரண்டே மாதத்தில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மறுபடி தொற்றியது. அங்கே உருமாற்றம் என்ற சாக்கு இல்லை. மூக்கின் ஈரப்படலத்தில் இருக்கும் ஆன்டிபாடி ரத்தத்தில் இருப்பதைப்போல நிலைப்பதில்லை என்பது ஒரு காரணம். அது மட்டும்தானா என்று இன்றும் வாதம் நடக்கிறது.

நர்கீஸ்: ஒரு வைரஸ் உள்ளே இருக்கும்போது இன்னொன்று நுழையாது என்கிறார்களே?

ஓரளவு உண்மை. முதல் தொற்றில் சுரக்கும் இன்டர்ஃபெரான் என்ற தற்காப்புப் புரதம் சில நாட்களுக்கு எல்லா வைரஸுக்கும் கதவை ஒருக்களித்து வைக்கும். அது வடிந்ததும் கதவு திறந்துவிடும். இரண்டு வைரஸ் ஒரே சளி மாதிரியில் சிக்குவதை நானே நிறையப் பார்த்திருக்கிறேன், குறிப்பாகக் குழந்தைகளிடம்.

பிரபு: ஃப்ளூ ஊசி போட்டும் எனக்கு மூன்று முறை சளி. காசு தண்டம்தானே?

அந்த ஊசி இன்ஃப்ளுவென்சாவுக்கு மட்டும். ரைனோவுக்கு இதுவரை ஊசி கிடையாது. எந்த வைரஸ் என்று பார்க்காமல் ஊசியைத் திட்டாதீர்கள். சென்னை, வேலூர் பக்கம் ஃப்ளூ அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் உச்சம். டெல்லியில் ஜூலையிலேயே ஏறத் தொடங்கிவிடும். ஊசியின் பாதுகாப்பும் மாதத்துக்கு மாதம் இறங்கும் என்பதால், இங்கே செப்டம்பர் வாக்கில் போடுவது பொருத்தம்.

கார்த்தி: எத்தனை மாதத்துக்கு மறுபடி வராது?

மேலே, வெங்கட்டுக்கு.

சுதா: போன மாதம் வந்த அதே ஃப்ளூ என் பையனுக்குத் திரும்ப வந்துவிட்டது. எத்தனை மாதம் எதிர்ப்பு இருக்கும்?

அதே ஃப்ளூ என்று யார் சொன்னது? மூக்குத் துடைப்பு எடுத்தார்களா? இரண்டு தடவையும் எடுத்து, இரண்டிலும் ஒரே வகை வந்தால் எனக்கு எழுதுங்கள். அது அபூர்வம், ஆர்வமாகப் படிப்பேன். ஆனால் முதல் காய்ச்சல் இறங்கிய சில நாட்களிலேயே மறுபடி ஏறி, மூச்சு வாங்கினால் சோதனைக்குக் காத்திருக்காதீர்கள். அது அடுத்த சளி இல்லாமல் நுரையீரலில் பாக்டீரியா சேர்ந்ததாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனை.

மணிவண்ணன்: 1977-ல் என் அப்பாவுக்கு 40 வயது. அவருக்குக் காய்ச்சல் வந்தது என்று அம்மா சொல்வார். உங்கள் கணக்கு இடிக்கிறதே?

அவருக்கு வந்தது எச்1என்1-ஆ என்று அம்மாவிடம் கேட்டீர்களா? அந்த வருடங்களில் எச்3என்2-வும் ஊரில் இருந்தது.