பறப்புக் காலம் என்றால் யாருக்குப் புரியும்? ஏற்காட்டு ஸ்லைடுகள் பற்றிக் கேள்வி பதில்

காபித் தோட்டப் பயிற்சிக் கூட்டங்களுக்கு ஸ்லைடு செய்து கொடுப்பது என் வேலை. விஞ்ஞானிகள் எழுதித் தரும் குறிப்பை, மலைக்குப் புதிதாக வந்த ஆளும் பார்த்தவுடன் பிடித்துக்கொள்ளும்படி மாற்றவேண்டும். அதைப் பற்றி மட்டும் கேளுங்கள். படம் பறப்பது, எழுத்து சுழல்வதெல்லாம் எனக்குத் தெரியாது.

அக்கா, தண்டுத் துளைப்பான் பற்றி ஒரு குறிப்பு கையில் இருக்கிறது. அடுத்த வாரம் புது விவசாயிகளிடம் பேசவேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது? (நாகலூர்)

குறிப்பை அனுப்பியதற்கு நன்றி. எல்லோரும் பார்க்கட்டும் என்று அப்படியே தருகிறேன்:

"பூச்சியின் பறப்புக் காலத்திற்கு முன்னதாகத் தாக்குதலுக்குள்ளான செடிகளைத் தடமறிந்து அகற்றி அழித்தல், முதன்மைத் தண்டு மற்றும் தடித்த முதல்நிலைக் கிளைகளின் தளர்ந்த செதிற்பட்டையை உரசி நீக்கி 10% சுண்ணாம்புக் கரைசல் தெளித்தல், உகந்த நிழல் பராமரித்தல்."

இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் எல்லாம் "தல்" என்று முடிகிறது, கவனித்தீர்களா? அழித்தல், தெளித்தல், பராமரித்தல். யார் செய்யவேண்டும் என்பதே காணோம். முதலில் ஒவ்வொரு "தல்"லையும் பிடித்து, "நாளைக் காலையில் யார், எதை, எதால்?" என்று கேளுங்கள். நிழலைத் தள்ளி வைத்தால் மூன்று வேலை கிடைக்கும். மூன்று ஸ்லைடு.

முதல் ஸ்லைடு எனக்கு இப்படி வந்தது:

"மார்ச், செப்டம்பர்: துளைபட்ட செடியைத் தேடுங்கள்
தண்டில் வளையமாகத் தடிப்பு, இலை மஞ்சள்
பிடுங்கி அன்றே எரியுங்கள்
வண்டு வெளியே வரும் முன்!"

பறப்புக் காலம் என்ற சொல் போய்விட்டது, அதன் காரணம் போகவில்லை. வண்டு ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரையிலும் வெளியே வந்து பட்டை இடுக்கில் முட்டையிடும். மார்ச், செப்டம்பர் என்று மாதத்தை மட்டும் போட்டால், "மார்ச்சில் ஆள் கிடைக்கவில்லை, ஜூனில் பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். ஜூனில் அந்தச் செடியைப் பிடுங்கி என்ன பயன்? வண்டு பறந்து பக்கத்துச் செடியில் முட்டையிட்டிருக்கும். கடைசி வரி அதற்காகத்தான். "அன்றே" என்பதும் அலங்காரத்துக்கு இல்லை. பிடுங்கியதை வேலியோரம் குவித்து வைத்தால் உள்ளே இருக்கும் புழு வளர்ந்து வண்டாகி வந்துவிடும்.

இரண்டாவது ஸ்லைடு பட்டை. "தளர்ந்த செதிற்பட்டை" என்றால் உரிந்து செதில் செதிலாக நிற்கும் காய்ந்த பட்டை. வண்டுக்கு முட்டையிட அந்த இடுக்கு வேண்டும். அதனால் "அடிமரத்திலும் தடித்த பக்கக் கிளையிலும் காய்ந்த பட்டையைத் தேங்காய் மட்டையால் தேய்த்து எடுங்கள். கத்தி வேண்டாம்." குறிப்பில் கத்தி பற்றி ஒரு சொல்லும் இல்லை. எழுதியவருக்கு அது சொல்லித் தெரியவேண்டியதில்லை. புது ஆள் "நீக்கி" என்று பார்த்ததும் கத்தியைத்தான் எடுப்பார், பச்சைப் பட்டையையும் சேர்த்துச் சீவிவிடுவார். குறிப்பு எழுதியவர் சொல்லாமல் விட்டதைச் சேர்ப்பதும் இந்த வேலையில் அடக்கம்.

மூன்றாவது சுண்ணாம்பு. அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

சதவீதம், கிராம், லிட்டர் எல்லாம் எளியவர்களுக்கு எதற்கு? "சுண்ணாம்பு அடியுங்கள்" என்றால் போதாதா? (அஸ்தம்பட்டி)

போதாது. எண்ணை எடுக்காதீர்கள், ஆளுக்குத் தெரிந்த அளவையில் சொல்லுங்கள்.

ஆரம்பத்தில் நானே "10% சுண்ணாம்புக் கரைசல்" என்று அப்படியே விட்டேன். சில வாரம் கழித்து ஒரு தோட்டத்துக்குப் போனால் தண்டில் வெள்ளையே தெரியவில்லை. சுண்ணாம்பு அடித்தாயிற்று என்றார்கள். எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டால், பேரலுக்குப் பத்து கிலோ. ஸ்லைடில் பத்து என்று இருந்தது, அவர்கள் பத்து போட்டார்கள். 200 லிட்டர் பேரலுக்கு 20 கிலோ போடவேண்டும். பாதிதான் விழுந்திருந்தது. பிழை என்னுடையது.

இப்போது என் ஸ்லைடில் ஒரு பேரல் படமும் "1 பேரல் தண்ணீர், 20 கிலோ சுண்ணாம்பு" என்ற வரியும் மட்டும்தான். கீழே சின்னதாக, "காய்ந்ததும் தண்டு வெள்ளையாகத் தெரியவேண்டும்." சரியாகச் செய்தோமா என்று அவரே பார்த்துக்கொள்ள அந்த வரி.

ஒரு ஸ்லைடில் எத்தனை வரி இருக்கலாம்? (சூரமங்கலம்)

நான்குக்கு மேல் நான் போவதில்லை. விதி என்று பிடித்துக்கொள்ளவேண்டாம்.

நான் இப்படிச் சுருக்கியிருக்கிறேன், சரியா பாருங்கள்: "தேடு. பிடுங்கு. தேய். அடி. நிழல்." பார்த்தவுடன் புரிகிறது. (ஆத்தூர்)

பாதி சரி. வரிசை அருமை, வினை முன்னால் வந்துவிட்டது. ஆனால் எதைத் தேய்ப்பது, எப்போது அடிப்பது? ஏற்கனவே தெரிந்தவருக்கு இது ஞாபகக் குறிப்பு, புது ஆளுக்குப் புதிர். உங்கள் வீட்டில் தோட்டமே பார்க்காத ஒருவரிடம் ஐந்து விநாடி காட்டி மூடிவிடுங்கள். "என்ன ஞாபகம் இருக்கிறது?" என்று கேட்காதீர்கள், "நாளைக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். ஐந்து சொல்லையும் ஒப்பிப்பார், ஆனால் நாளைக்கு என்ன செய்வது என்றால் விழிப்பார்.

இன்னொன்று. "தேடு, பிடுங்கு" என்று எழுபது வயதுக்காரர் முன்னால் போடாதீர்கள். "தேடுங்கள்" என்றால் மூன்றெழுத்துதான் கூட. ஒரு கூட்டத்தில் பெரியவர் ஒருவர், "யாரை வேலை ஏவுறே?" என்று எழுந்தே போய்விட்டார்.

ஐயம் ஒன்று. "துளைப்பான்" என்ற நல்ல சொல் இருக்க, பயிற்சிகளில் "போரர்" என்று எழுதுகிறார்கள். ஸ்லைடு வழியாகத்தானே தமிழ்ச் சொல் பரவவேண்டும்? (ஓமலூர், தமிழாசிரியர்)

எனக்கும் துளைப்பான் பிடிக்கும். ஆனால் ஸ்லைடு பார்க்கிறவர் அரை நொடி தயங்கினாலும் அதற்குள் அடுத்த ஸ்லைடு வந்துவிடும். தோட்டத்தில் எந்தச் சொல் புழங்குகிறதோ அதை முதலில் போடுவேன்.

மேஸ்திரி நான். எங்க ஆளுங்க எல்லாருக்கும் போரர்தான். துளைப்பான்னா ட்ரில்லிங் மிஷினான்னு கேக்குறாங்க. போரர்னே போடுங்க, முடிஞ்சது. (ஏற்காடு)

முடியவில்லை அண்ணா. போரர் என்றால் எந்தப் போரர்? காய்க்குள் துளைபோடுவதையும் நீங்கள் போரர் என்றுதானே சொல்கிறீர்கள்? அதற்குத் தண்டில் சுண்ணாம்பு அடித்து ஒன்றும் ஆகாது. அது காய்க்குள் இருக்கிறது. செடியிலும் தரையிலும் ஒரு காய் விடாமல் பொறுக்கி எடுக்கவேண்டும். "போரர் வந்தால் சுண்ணாம்பு" என்று ஸ்லைடில் போட்டால் காயில் ஓட்டை பார்த்தவரும் பேரலைத் தூக்குவார். அதனால் "தண்டு போரர்", "காய் போரர்" என்று பிரித்தே எழுதுகிறேன்.

"தண்டு போரர்" என்பது தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. அடைமொழி தமிழில் இருக்கலாம், பெயர் இருக்கக்கூடாதா? (ஓமலூர், தமிழாசிரியர்)

சார், பூச்சி செத்தா போதும் சார். (ஏற்காடு)

செத்த பூச்சிக்கும் பெயர் வேண்டுமல்லவா? (ஓமலூர், தமிழாசிரியர்)

இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். மற்றவர்கள் கேட்ட ஒன்பது கேள்வி அப்படியே நிற்கிறது. நான் செய்வது இதுதான்: முதல் ஸ்லைடில் பூச்சிப் படத்துக்குக் கீழே "தண்டு போரர்" பெரிதாக, "தண்டுத் துளைப்பான்" சின்னதாக. அடுத்த ஸ்லைடுகளில் ஒரே பெயர், மாற்றவே மாட்டேன். ஒரு ஸ்லைடில் போரர், அடுத்ததில் துளைப்பான், அதற்கடுத்ததில் வண்டுப்புழு என்று வந்தால் மூன்று பூச்சி என்று எண்ணுவார்கள். எந்தப் பெயர் பெரிதாக இருக்கவேண்டும் என்பதில் ஐயா சொல்வதற்கு என்னிடம் முழு பதில் இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்தால் ஒருவேளை மாற்றிப் போடுவேன்.

"உகந்த நிழல்" என்பதை எப்படி எளிமையாக எழுதுவது? (வாழவந்தி)

எழுதாதீர்கள். "உகந்த" என்ற சொல்லுக்கு வேறு எளிய சொல் தேடினால் "போதுமான", "சரியான" என்று அதே இடத்தையே சுற்றுவீர்கள். இந்த வண்டுக்கு வெயில் பிடிக்கும், திறந்து கிடக்கும் செடியைத் தேடி வரும். அதைச் சொல்ல இரண்டு போட்டோ போதும். நடுப்பகலில் ஒரே தோட்டத்தில் எடுத்தவையாக இருக்கட்டும். ஒன்றில் வெயில் நேராகத் தண்டில் விழுகிறது, இன்னொன்றில் சில்வர் ஓக் நிழலில் வெளிச்சம் புள்ளி புள்ளியாக விழுகிறது. கீழே "இப்படி வேண்டாம்", "இப்படி இருக்கட்டும்." எவ்வளவு கிளை கழிப்பது என்பது மேட்டுக்கும் சரிவுக்கும் மாறும். அதை வாயால் சொல்லுங்கள்.

அக்கா ஒரு பக்கத்தில் எத்தனை வரி? (மேச்சேரி)

மேலே சூரமங்கலத்துக்காரருக்குச் சொன்னேன்.

வீட்டில் தமிழ் நன்றாக வந்தது, கூட்டத்தில் திறந்தால் ஒரே கிறுக்கல். ஏன்? (சங்ககிரி)

பாமினி எழுத்துருவில் அடித்திருப்பீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் "தமிழ்" என்பது jkpo; என்று தெரியும். யூனிகோடில் மறுபடி அடியுங்கள். அதுவரை பிடிஎஃப் ஆக்கி எடுத்துப் போங்கள்.

என் தோட்டத்தில் நாலு செடி இலை மஞ்சளாகி வாடுகிறது. ஸ்லைடில் சொன்ன அதே பூச்சியா? (நாகலூர்)

இலை மஞ்சளாக ஆயிரம் காரணம். தண்டைக் கையால் தடவிப் பாருங்கள், வளையமாகத் தடித்திருக்கிறதா என்று. இருந்தால் அந்த இடத்தில் பிளந்தால் உள்ளே துளையும் மரத்தூளும் தெரியும். இல்லாவிட்டால் இங்கே கேட்காமல் காபி வாரிய விரிவாக்க அலுவலகத்தில் ஒரு செடியைக் காட்டுங்கள்.

பார்த்தீர்களா, நம்முடைய முதல் ஸ்லைடே இவரைக் குழப்பிவிட்டது. "தண்டில் வளையமாகத் தடிப்பு, இலை மஞ்சள்" என்று ஒரே வரியில் போட்டேன், இவர் கண்ணில் மஞ்சள்தான் பட்டது. இலையை எடுத்துவிட்டுத் தண்டை மட்டும் வைத்து, தடித்த தண்டின் போட்டோவைச் சேர்க்கிறேன். அடுத்த வாரம் பேசப்போகும் நாகலூர்த் தம்பி, நீங்களும் அந்த வரியை மாற்றிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, எத்தனை வரி… (தாரமங்கலம்)

நான்கு.