வீட்டிலிருந்தே எந்தத் தொழில்?

கேள்வி: தக்கலையில் இருக்கேன். தையல் தெரியும், மெஷின் உண்டு, சிப்ஸும் போடுவேன். எதைத் தொடங்கலாம்?

தெரிந்த வேலை, ஆட்கள், பொருள், நேரம் என்று ஒரு தாளில் கோடு போட்டு நாலு பத்தியாக எழுதுங்கள். நேரத்தை மொத்தமாக எழுதினால் ஏமாந்துபோவீர்கள். 10 முதல் 12, 2 முதல் 3 என்று கடிகாரப்படி எழுதுங்கள். பெரும்பாலும் இந்தப் பத்திதான் தீர்ப்புச் சொல்லும். ஏத்தங்காய் சிப்ஸுக்கு எண்ணெய் காய்ந்தபின் அடுப்பை விட்டு நகர முடியாது, துண்டு நேரம் உதவாது. விற்க உணவுப் பாதுகாப்புப் பதிவும் வேண்டும். பிளவுஸை வெட்டி வைத்து, இடையிடையே எழுந்து போயும் தைக்கலாம்.

ஆட்கள் பத்தியில், இந்த வாரமே போன் போட்டு ஆர்டர் கேட்கக்கூடியவர்கள் மட்டும். கல்யாண வீட்டில் சிரித்த முகமெல்லாம் கணக்கில் வராது. பொருள் பத்தியில், மெஷினுக்கு நேரே அதன் பழுதையும் எழுதுங்கள். நூல் அறுக்கும் மெஷின் இருப்பல்ல, செலவு.