ஊழல் தடுப்பு ஆணையம்: யாருடைய ஆட்கள், யாருடைய அனுமதி?

அன்புள்ள ஐயா,

ஊழல் தடுப்பு ஆணையம், லோக்பால், ஓம்புட்ஸ்மேன் என்று நாட்டுக்கு நாடு ஏதோ ஒரு அமைப்பு இருக்கிறது. பெரும்பாலானவை பெயர்ப்பலகையோடு நின்றுவிடுகின்றன. நேர்மையான ஒருவர் தலைவராக வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள் சிலர். இன்னும் அதிகாரம் கொடுக்க வேண்டும் என்கிறார்கள் வேறு சிலர். உண்மையில் எது இப்படி ஒரு அமைப்பை வேலை செய்ய வைக்கிறது? வெளியிலிருந்து பார்க்கும் என்னைப் போன்றவர்கள் அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ம. கவிதா

அன்புள்ள கவிதா,

தலைவர் நல்லவராக இருப்பது முக்கியம்தான். ஆனால் அவர் வந்து உட்காரும்போது அவருக்குக் கீழே வேலை செய்பவர்கள் யாருடைய ஆட்கள் என்பது அதைவிட முக்கியம். அதிகாரம் என்று பொதுவாகச் சொல்வதையும் நான் ஏற்கமாட்டேன். எந்த வேலைக்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கும் நாலைந்து வரிகளில்தான் விஷயம் இருக்கிறது. அந்த வரிகள் ஒரு அமைப்பை என்ன செய்யும் என்பதை இந்தோனேசியாவில் தெளிவாகப் பார்க்கலாம். அங்கே ஒரே அமைப்பு முதலில் பலத்தோடு இயங்கியது, அப்புறம் சட்டத்தை மாற்றி அதைத் தளர்த்தினார்கள்.

கே.பி.கே. என்ற அந்த ஊழல் ஒழிப்பு ஆணையம் 2002-இல் இயற்றிய சட்டத்தின் கீழ் வந்தது. தொலைபேசியை ஒட்டுக்கேட்க அது நீதிமன்றத்திடமோ அமைச்சரிடமோ அனுமதி கேட்க வேண்டியதில்லை. விசாரிப்பவர்களும் நீதிமன்றத்தில் வழக்கு நடத்துபவர்களும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். வழக்கு போன இடமும் ஊழலுக்கென்றே அமைத்த தனி நீதிமன்றம். இன்னொரு விதியும் இருந்தது. ஒருவரைச் சந்தேக நபர் என்று அறிவித்துவிட்டால், அந்த வழக்கைப் பாதியில் கைவிடும் அதிகாரம் ஆணையத்துக்குக் கிடையாது.

இந்தக் கடைசி விதி முதலில் விசித்திரமாகத் தெரியும். அதன் பயன் இரண்டு விதமானது. வழக்கைக் கைவிட முடியாது என்றால், கைவிடச் சொல்லி மேலிருந்து வரும் அழுத்தத்துக்கும் கொடுக்க வரும் பணத்துக்கும் பெரிய அர்த்தம் இல்லை. அதோடு, ஆதாரம் முழுமையாகக் கையில் இல்லாமல் யாரையும் அறிவிக்க விசாரணை அதிகாரிகளே தயங்குவார்கள். பல ஆண்டுகள் கே.பி.கே. நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன வழக்குகளில் கிட்டத்தட்ட எல்லாமே தண்டனையில் முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இதில் அநியாயமும் நடந்தது, மறைக்கக் கூடாது. அரசுத் துறைமுக நிறுவனத்தின் முன்னாள் தலைவர் ஒருவரை 2015 டிசம்பரில் சந்தேக நபராக அறிவித்துவிட்டு, 2021 மார்ச்சில்தான் கைது செய்தார்கள். ஐந்து வருடத்துக்கும் மேல் ஒருவரை அப்படி வைத்திருப்பது சரியில்லை.

கே.பி.கே. அதிகம் பேசப்பட்டது கையும் களவுமாகப் பிடிப்பதற்காக. ஒரு தகவல் வரும், சம்பந்தப்பட்டவர்களின் பேச்சைக் கேட்பார்கள், பணம் எங்கே எப்போது கைமாறும் என்று தெரியும்வரை காத்திருப்பார்கள், மாறும் நேரத்தில் உள்ளே நுழைவார்கள். 2013-இல் அரசியல் சாசன நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியையே அவர் வீட்டில் இப்படிப் பிடித்தார்கள். அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. இந்த முறை முழுக்க ரகசியத்தில் நிற்கிறது. அனுமதி கேட்கும் ஒவ்வொரு மேஜையிலும் விஷயம் தெரிந்த இன்னொருவர் கூடுவார். வெளியே ஒரு போன் போனால் போதும், பணம் அன்றைக்குக் கைமாறாது.

சரி, ஆட்கள் யாருடையவர்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். ஆரம்பத்தில் கே.பி.கே.யின் விசாரணை அதிகாரிகள் போலீசிலிருந்து டெபுடேஷனில் வந்தவர்கள். போலீசை விசாரிக்காதவரை இதில் சிக்கல் தெரியவில்லை. 2012-இல் ஓட்டுநர் உரிமச் சோதனைக்கான சிமுலேட்டர் கருவிகளை வாங்கியதில் நடந்த ஊழலை எடுத்தார்கள். போக்குவரத்துப் போலீசின் தலைவராக இருந்த ஜெனரல் ஜோகோ சுசிலோதான் முக்கியக் குற்றவாளி. ஜூலை கடைசியில் போக்குவரத்துப் போலீஸ் தலைமையகத்துக்குள் சோதனைக்குப் போனார்கள். எடுத்த ஆவணங்களோடு வெளியே வர முடியாமல் அங்கேயே தடுக்கப்பட்டார்கள். உடனே போலீசும் அதே ஊழலை நாங்களே விசாரிக்கிறோம் என்று தனியாக ஒரு விசாரணையைத் தொடங்கியது. வழக்கைத் தன் கைக்குள் இழுத்துக்கொள்ள எல்லா நாட்டிலும் போலீஸ் செய்வது இதுதான்.

அடுத்த அடி டெபுடேஷனில் விழுந்தது. கே.பி.கே.யில் இருந்த 20 விசாரணை அதிகாரிகளின் காலத்தை நீட்டிக்க முடியாது என்று போலீஸ் தலைமை சொல்லிவிட்டது. யோசித்துப் பாருங்கள். வழக்கின் நுணுக்கம் தெரிந்தவர்கள், தாங்கள் விசாரித்துக்கொண்டிருக்கும் அதே துறைக்கே திரும்பிப் போய் மேலதிகாரிகள் முன்னால் நிற்க வேண்டும். அக்டோபர் 5-ஆம் தேதி இரவு, அந்த வழக்கின் முக்கிய அதிகாரியான நோவல் பஸ்வேடானைப் பல வருடத்துக்கு முந்தைய ஒரு விவகாரத்தைக் காட்டிக் கைது செய்ய, போலீஸ் கே.பி.கே. கட்டடத்துக்கே வந்தது. செய்தி பரவி, மக்கள் திரண்டு வந்து கட்டடத்தைச் சுற்றிக் கைகோத்து நின்றார்கள். மூன்று நாள் கழித்து ஜனாதிபதி யுதோயோனோ, சிமுலேட்டர் வழக்கை கே.பி.கே.யே நடத்தட்டும் என்று அறிவித்தார். ஜோகோ சுசிலோவுக்கு முதலில் 10 ஆண்டு தண்டனை, மேல்முறையீட்டில் அது 18 ஆண்டாகக் கூடியது.

அதற்கப்புறம் கே.பி.கே. தனக்கென்று விசாரணை அதிகாரிகளைச் சேர்த்துக்கொண்டது. அதன் முழு வரலாற்றிலும் மிகப் பெரிய முன்னேற்றம் இதுதான் என்பது என் கருத்து. சம்பளமும் பதவி உயர்வும் ஆணையத்துக்குள்ளேயே இருக்கிறவர், நாளை எந்த அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டும் என்று கணக்குப் போட வேண்டியதில்லை. நாடாளுமன்ற சபாநாயகராக இருந்த செத்யா நோவந்தோவுக்கு மின்னணு அடையாள அட்டை ஊழலில் 2018-இல் 15 ஆண்டு தண்டனை கிடைத்தது. அந்த வழக்கையும் விசாரித்தவர் நோவல்தான். விசாரணை நடந்துகொண்டிருந்த 2017 ஏப்ரலில், அதிகாலைத் தொழுகை முடிந்து திரும்பியவர் முகத்தில் ஆசிட் வீசினார்கள், ஒரு கண் போய்விட்டது. வீசியதாகத் தண்டிக்கப்பட்ட இருவரும் பணியில் இருந்த போலீஸ்காரர்கள். கிடைத்த தண்டனை ஒருவருக்கு 2 ஆண்டு, இன்னொருவருக்கு ஒன்றரை ஆண்டு. இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

ஆனால் கே.பி.கே.யைத் தளர்த்தியது ஆசிட் இல்லை, 2019 செப்டம்பரில் சில நாட்களுக்குள் நிறைவேறிய ஒரு சட்டத் திருத்தம். ஆணையத்தை மூடவில்லை, பெயரை மாற்றவில்லை. முதலில் ஊழியர்கள் எல்லோரும் அரசு ஊழியர்கள் ஆனார்கள். புதிதாக ஒரு மேற்பார்வைக் குழு வந்தது, ஒட்டுக்கேட்கவும் சோதனையிடவும் பறிமுதல் செய்யவும் அதன் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும் என்றானது. இரண்டு ஆண்டில் முடியாத வழக்கைக் கைவிடலாம் என்றும் சேர்த்தார்கள். எதிர்த்து மாணவர்கள் நாடு முழுக்கத் தெருவில் இறங்கினார்கள், உயிர்களும் போயின. ஆனாலும் சட்டம் அப்படியே நிலைத்தது.

விளைவு சீக்கிரமே தெரிந்தது. 2020 ஜனவரி 8-இல் லஞ்சம் வாங்கிய ஒரு தேர்தல் ஆணையரைப் பிடித்தார்கள். மறுநாள் ஆளுங்கட்சித் தலைமை அலுவலகத்துக்குப் போன குழுவை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். தேர்தல் ஆணைய அலுவலகத்தைச் சோதனையிட்டது 13-ஆம் தேதி. ஐந்து நாள் என்பது காகிதங்கள் காணாமல் போகப் போதுமான நேரம். லஞ்சம் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வேட்பாளர் தலைமறைவாகிவிட்டார். கையும் களவுமாகப் பிடித்த வழக்குகள் 2018-இல் 30, 2021-இல் 6. நடுவில் பெருந்தொற்று வந்தது உண்மை, அதற்காக முழுப் பழியையும் அதன்மேல் போட முடியாது. 2021 ஏப்ரலில், 4.58 லட்சம் கோடி ரூபியா இழப்பு என்று சொல்லப்பட்ட ஒரு வங்கிக் கடன் வழக்கை முதல்முறையாகக் கைவிட்டார்கள்.

அரசு ஊழியர்கள் ஆவதற்கு ஒரு தேசப்பற்றுத் தேர்வு வைத்தார்கள். 75 பேர் தேறவில்லை என்றார்கள். 2021 செப்டம்பர் 30-உடன் 57 பேருக்கு வேலை போனது, நோவலும் அதில் ஒருவர். போலீசால் 2012-இல் செய்ய முடியாததை ஒரு பணி விதி செய்து முடித்தது. ஒட்டுக்கேட்க அனுமதி வேண்டும் என்ற பிரிவை அரசியல் சாசன நீதிமன்றம் அதே ஆண்டு மே மாதம் ரத்து செய்திருந்தது. ஆனால் அனுபவமுள்ள அதிகாரிகளை வெளியே அனுப்பியபின் அந்த உரிமையை யார் பயன்படுத்துவது?

வெளியிலிருந்து எப்படிப் பார்ப்பது என்று கேட்டீர்கள். கைது எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள், அதைச் சின்ன ஆட்களைப் பிடித்தே கூட்டலாம். பிடிபட்டவர்களில் அப்போது பதவியில் இருப்பவர்கள் எத்தனை பேர், ஆளுங்கட்சிக்காரர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். விசாரணை அதிகாரியின் அடுத்த பணியிடத்தை யார் முடிவு செய்கிறார்கள் என்று பாருங்கள். சட்டத் திருத்தம் என்று செய்தி வந்தால், தலைவரின் தகுதியைப் பற்றிய பகுதியை விட்டுவிட்டு அனுமதி, ஊழியர், வழக்கைக் கைவிடுதல் என்ற மூன்று பிரிவுகளைப் படியுங்கள்.

ஓம்புட்ஸ்மேன் கொஞ்சம் வேறு மாதிரி. அவர் பெரும்பாலும் யாரையும் கைது செய்வதில்லை, விசாரித்து அறிக்கை தருவார், பரிகாரம் சொல்வார். அதனால் அவர் விஷயத்தில் பார்க்க வேண்டியது அறிக்கைக்கு அப்புறம் என்ன நடக்கிறது என்பதை. தென்னாப்பிரிக்காவின் ஓம்புட்ஸ்மேனாக இருந்த துலி மடோன்செலா 2014-இல், ஜனாதிபதி ஜுமாவின் நிகாண்ட்லா வீட்டில் பாதுகாப்பு என்ற பெயரில் நீச்சல்குளமும் மாட்டுக் கொட்டிலும் கோழிக் கூண்டும் கட்டியிருப்பதைக் காட்டி, அதற்கான பணத்தில் நியாயமான ஒரு பங்கை அவர் திருப்பித் தர வேண்டும் என்றார். போலீஸ் அமைச்சர் தனியாக ஒரு அறிக்கை எழுதி, நீச்சல்குளம் தீயணைப்புக்கானது என்றார். நாடாளுமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. சாதாரணமாக இதோடு கதை முடிந்திருக்கும். 2016 மார்ச் 31-இல் அரசியல் சாசன நீதிமன்றம், ஓம்புட்ஸ்மேன் சொன்ன பரிகாரம் கட்டாயமானது, பிடிக்கவில்லை என்றால் நீதிமன்றம் போய் ரத்து செய்ய வேண்டுமே தவிர எதிர் அறிக்கை எழுதி ஒதுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. ஜுமா அந்த ஆண்டு செப்டம்பரில் 78 லட்சம் ராண்ட் கட்டினார்.