பம்ப் நின்றாலும் நியூரான் துடிக்கும்

வணக்கம் ஐயா,

நான் உயிரியல் முதலாமாண்டு படிக்கிறேன். செயல்நிலை மின்னழுத்தம் பற்றிய தேர்வு விடையில், "சோடியம் உள்ளே வந்து, பொட்டாசியம் வெளியே போய், பிறகு சோடியம்-பொட்டாசியம் பம்ப் எல்லாவற்றையும் பழைய இடத்துக்கு அனுப்புவதால் மின்னழுத்தம் மீண்டும் -70 மில்லிவோல்ட்டுக்கு வருகிறது" என்று எழுதினேன். கடைசி வரியை மட்டும் சிவப்பு மையில் அடித்துவிட்டார்கள். பம்ப் இல்லாவிட்டால் எப்படிப் பழைய நிலைக்கு வரும்? ஒவ்வொரு படியாகச் சொல்ல முடியுமா?

முதலாமாண்டு மாணவி ஒருவர்

அன்புள்ள மாணவிக்கு,

அடித்தது சரிதான். மின்னழுத்தம் கீழே இறங்குவதற்கும் பம்புக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. பொட்டாசியம் வெளியேறுவதே அதை இறக்கிவிடுகிறது. "அப்படியானால் உள்ளே வந்த சோடியம்?" என்று கேட்பீர்கள். அது உள்ளேயே கிடக்கிறது. மிகக் கொஞ்சம் என்பதால் ஒன்றும் ஆவதில்லை. எவ்வளவு கொஞ்சம் என்று பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

20 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உருண்டையான செல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்குள் சோடியம் லிட்டருக்கு 12 மில்லிமோல், வெளியே 145. பொட்டாசியம் உள்ளே 140, வெளியே 4. செல்சவ்வு மிக மெல்லியது. அதன் இருபுறமும் கொஞ்சம் மின்னூட்டம் சேர்ந்தாலே பெரிய மின்னழுத்தம் உண்டாகிவிடும். ஒரு சதுர சென்டிமீட்டர் சவ்வின் மின்தேக்குத்திறன் ஏறக்குறைய 1 மைக்ரோஃபேரட். இதை வைத்துக் கணக்கிட்டால், இந்த செல்லின் மின்னழுத்தம் 100 மில்லிவோல்ட் மாறுவதற்கு சுமார் 80 லட்சம் சோடியம் அயனிகள் உள்ளே வந்தால் போதும். கேட்கப் பெரிதாகத் தெரியும். ஆனால் செல்லுக்குள் ஏற்கெனவே இருக்கும் சோடியம் அயனிகள் சுமார் 3,000 கோடி. வந்தது அதில் ஏறத்தாழ நாலாயிரத்தில் ஒரு பங்கு. பொட்டாசியம் உள்ளே 35,000 கோடி இருக்கிறது. அதில் 80 லட்சம் வெளியே போனால் நாற்பதாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஆக ஒரு துடிப்பில், அதாவது ஒரு செயல்நிலை மின்னழுத்தத்தில், செறிவுகள் தலைகீழாவதில்லை, கிட்டத்தட்ட அசைவதே இல்லை. மாறுவது மின்னழுத்தம் மட்டும். பாடப்படங்களில் பெரிய பெரிய அம்புக்குறிகளைப் பார்த்துப் பார்த்து, சோடியம் முழுக்க உள்ளே கொட்டிவிட்டதாக மனத்தில் பதிந்துவிடுகிறது.

சரி, இப்போது படிகளுக்கு வருவோம்.

ஓய்வில் சவ்வில் சில பொட்டாசியம் சேனல்கள் எப்போதும் திறந்தே இருக்கின்றன. பொட்டாசியம் மெல்லக் கசிந்து வெளியேற, உட்புறம் எதிர்மின்னாகிறது. பொட்டாசியத்துக்கு மட்டும் வழி இருந்தால் மின்னழுத்தம் -95 வரை போய் நிற்கும். கொஞ்சம் சோடியமும் உள்ளே கசிவதால் -70 பக்கம் நிற்கிறது.

ஒரு தூண்டல் வந்து மின்னழுத்தத்தை ஏற்றத் தொடங்குகிறது. -55ஐ நெருங்கும்போது, மின்னழுத்தத்தை உணர்ந்து திறக்கும் சோடியம் சேனல்கள் சில திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய்ந்து மின்னழுத்தத்தை இன்னும் ஏற்றுகிறது. அதனால் இன்னும் பல சேனல்கள் திறக்கின்றன, இன்னும் சோடியம் வருகிறது. ஆனால் மின்னழுத்தம் ஏற ஏற, வெளியேறும் பொட்டாசியத்தின் அளவும் கூடுகிறது. அது இந்த ஏற்றத்தை இழுத்துப் பிடிக்கப் பார்க்கிறது. உள்ளே வரும் சோடியம் மின்னோட்டம், வெளியே போகும் பொட்டாசியம் மின்னோட்டத்தை எந்தப் புள்ளியில் மிஞ்சுகிறதோ அதுவே தொடக்க வரம்பு. அதைத் தாண்டினால் திரும்ப வழியில்லை, தாண்டாவிட்டால் மின்னழுத்தம் அடங்கிவிடும். "முழுதாக வரும், அல்லது வராது" என்ற விதி இங்கிருந்துதான் பிறக்கிறது. -55 என்பதை மாறாத எண்ணாக மனப்பாடம் செய்ய வேண்டாம். செல்லுக்குச் செல் அது வேறுபடும். தூண்டல் மிக மெதுவாக ஏறினால் அதே செல்லிலும் வரம்பு உயர்ந்துவிடும்.

ஒரு மில்லிவினாடிக்கும் குறைவான நேரத்தில் மின்னழுத்தம் +30, +40 வரை எகிறுகிறது. சோடியத்துக்கு மட்டும் வழி இருந்தால் மின்னழுத்தம் போய் நிற்கும் இடம், அதாவது சோடியத்தின் சமநிலை, இந்த செல்லில் +66. அதைத் தொடுவதற்குள் இரண்டு காரியங்கள் நடந்துவிடுகின்றன. முதலாவது, சோடியம் சேனலின் உட்புறத்தில் இருக்கும் ஒரு பகுதி வந்து வழியை அடைத்துக்கொள்கிறது. இது சேனல் மூடுவதிலிருந்து வேறுபட்டது, செயலிழப்பு நிலை என்பார்கள். மூடிய சேனல் அடுத்த தூண்டலுக்குத் திறக்கும், செயலிழந்த சேனல் எவ்வளவு தூண்டினாலும் திறக்காது. இரண்டாவது, மின்னழுத்தத்தை உணரும் பொட்டாசியம் சேனல்கள் திறக்கின்றன. அவையும் அதே ஏற்றத்தைத்தான் உணர்ந்தன, ஆனால் அவை மெதுவாகத் திறப்பவை. இந்தத் தாமதம் இல்லாவிட்டால் ஏற்றமே நடந்திருக்காது.

சோடியம் வரத்து நின்றுவிட்டது, பொட்டாசியத்துக்குப் பல வழிகள் திறந்துவிட்டன. பொட்டாசியம் வெளியேற, மின்னழுத்தம் சரிகிறது. உங்கள் விடையில் பம்ப் இருந்த இடத்தில் இருக்க வேண்டியது இதுதான். அந்தச் சேனல்கள் மூடுவதற்கும் நேரம் எடுத்துக்கொள்வதால் மின்னழுத்தம் -70க்கும் கீழே கொஞ்சம் இறங்கி, அப்புறம் ஏறி நிலைக்கிறது. மின்னழுத்தம் இப்படி இறங்கிய பிறகுதான் செயலிழந்த சோடியம் சேனல்கள் பழைய மூடிய நிலைக்குத் திரும்புகின்றன. அதுவரை அந்த இடத்தில் இன்னொரு துடிப்பு கிளம்பாது. ஆக்சானில் ஓடும் துடிப்பு வந்த வழியே திரும்பாமல் இருப்பதும் இதனால்தான்.

படிகளை நன்றாகப் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு சேனலையும் தனியாக அடைத்தால் வரைபடம் எப்படி மாறும் என்று வரைந்து பாருங்கள். டெட்ரோடோடாக்சின் சோடியம் சேனலை அடைக்கும், ஏற்றமே இருக்காது. டெட்ராஎத்திலம்மோனியம் பொட்டாசியம் சேனலை அடைக்கும். ஏற்றம் வரும், இறக்கம் இழுத்துக்கொண்டே போகும். பம்பை நிறுத்தினால்? அடுத்த துடிப்பு முந்தையதைப் போலவே இருக்கும். ஹாட்ஜ்கினும் கீன்ஸும் 1955இல் வெளியிட்ட ஆய்வில், கணவாயின் பெரிய ஆக்சான்களுக்கு டைநைட்ரோஃபீனால் கொடுத்து, சோடியத்தை வெளியேற்றும் வேலையை முடக்கினார்கள். அப்போதும் அந்த ஆக்சான்கள் துடிப்புகளைக் கடத்தின. தொட்டி நிறைந்திருக்கும்போது மோட்டாரை நிறுத்தினாலும் குழாயில் தண்ணீர் வருவது போலத்தான் இதுவும். பம்ப் செறிவு வேறுபாட்டை உண்டாக்கிக் காப்பாற்றுகிறது, ஒவ்வொரு துடிப்பும் அதில் ஒரு துளியைச் செலவழிக்கிறது.

எத்தனை துடிப்பு வரை தாங்கும்? நம் உருண்டை செல்லில் பம்பை நிறுத்தி, ஓய்வில் கசிவதைக் கணக்கில் விட்டுவிட்டால், 1,000 துடிப்புக்குப் பிறகு உள்ளிருக்கும் சோடியம் 12இலிருந்து 15 ஆகியிருக்கும். சோடியத்தின் சமநிலை +66இலிருந்து +60க்கு வரும், செல் தொடர்ந்து துடிக்கும். ஏற்றமும் இறக்கமும் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் படிவதால் உண்மையில் சோடியம் இதைவிடச் சற்று அதிகமாகவே வரும், ஆனாலும் முடிவு மாறாது.

ஆனால் 1 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள மெல்லிய ஆக்சானில் இந்தக் கணக்கு வேறு. உள்ளே இடம் குறைவு, அதோடு ஒப்பிட்டால் சவ்வின் பரப்பு மிக அதிகம். அதே 100 மில்லிவோல்ட்டுக்கு வரும் சோடியம், உள்ளிருப்பதில் ஏறத்தாழ முந்நூறில் ஒரு பங்கு. பம்ப் இல்லாவிட்டால் சுமார் 300 துடிப்பிலேயே உள்ளிருக்கும் சோடியம் இரட்டிப்பாகிவிடும்.