ரெண்டு பேர் சேர்ந்து பேசுற டாக்: மாறுற இடத்த எப்படி எழுதுறது?

"அண்ணே, நானும் முரளியும் அடுத்த மாசம் பினாங்குல ஜார்ஜ் டவுன் தமிழர் வரலாறு பத்தி 20 நிமிஷம் சேர்ந்து பேசணும். ஆளுக்குப் பாதின்னு ஸ்லைடு பிரிச்சாச்சு, ஆனா ஒருத்தர் முடிச்சு இன்னொருத்தர் ஆரம்பிக்கிற இடம் ஒவ்வொண்ணும் இடிக்குது. எப்படி எழுதுறது?"

முதல்ல ஸ்லைடு கணக்குல பிரிக்கிறத விடுங்கமா, வேலைய வச்சுப் பிரிங்க. முரளி துறைமுகம், பொழப்பு பத்தி சொல்லட்டும், நீங்க கோயில், தெரு, குடும்பம் எடுத்துக்கோங்க, அப்போ யாரு எதுக்கு வாயத் திறக்குறாங்கன்னு கேக்குறவங்களுக்கே புரிஞ்சிரும். 20 நிமிஷத்துக்கு நாலு தடவை மாறுனா போதும், அதுக்கு மேல போனா மைக் கைமாத்துறதுலயே நேரம் போயிரும்.

இப்ப இடிக்கிற இடம். பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவாங்க: "இதோட என் பகுதி முடிஞ்சுது, அடுத்து கோயில் பத்தி அவங்க பேசுவாங்க." நீங்க "நன்றி முரளி, இப்ப நான் கோயில் பத்தி..."ன்னு ஆரம்பிப்பீங்க. ரெண்டு வரியிலயும் ஒரு விஷயம்கூட இல்ல, கூட்டம் செல்போன எடுக்குறது அங்கதான். அதுக்குப் பதிலா முரளி ஒரு கேள்விய மிச்சம் வச்சு நிறுத்தணும், உங்க முதல் வார்த்தையே அந்தக் கேள்விக்கு விடையா இருக்கணும்:

முரளி: "1786ல பிரிட்டிஷ்காரர் பிரான்சிஸ் லைட் பினாங்குல வந்து எறங்குனாரு, பின்னாலயே நம்ம ஆளுங்களும் வந்தாங்க, பகல் பூரா மூட்டை தூக்குனாங்க. சாமி கும்பிட எங்க போனாங்க?"

நீங்க: "குவீன் ஸ்ட்ரீட்டுக்கு. இப்பவும் இருக்கே மகாமாரியம்மன் கோயில், அது 1833ல கட்டுனது."

பேரச் சொல்லிக் கூப்பிடவே வேணாம். சரியா வந்திருக்கான்னு பாக்க, முரளியோட கடைசி வரிய மறைச்சிட்டு உங்க முதல் வரிய மட்டும் படிங்க. அது தனியா நின்னாலும் முழுசாப் புரிஞ்சா, அங்க ஒட்டு இல்லன்னு அர்த்தம், மறுபடி எழுதுங்க.

நடுவுல குறுக்க பேசுறதும் இதே மாதிரிதான். "ஆமா, கரெக்ட்"னு தலையாட்டுறது பேச்சே இல்ல, கூட்டத்துல ஒருத்தர் மனசுல வர்ற சந்தேகத்த முரளி கேக்கணும்: "இரு இரு, லைட் வந்து 47 வருஷம் ஆச்சே, அதுவரைக்கும்?" நீங்க, "அதே எடத்துல ஒரு சின்ன சன்னதி." இந்த மாதிரி உங்களுக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணு போதும்.

மாறுற இடத்துல கடைசி ரெண்டு வரி, முதல் ரெண்டு வரி, இத மட்டும் எழுத்து மாறாம மனப்பாடம் பண்ணுங்க, மத்ததெல்லாம் பாயிண்ட்டா வச்சுப் பேசுங்க. முழுசா மனப்பாடம் பண்ணா குரல் தட்டையாயிடும், கூட இருக்கறவர் ஒரு வார்த்தைய மாத்தி சொன்னா நீங்க தடுமாறிருவீங்க. ரிகர்சல்லயும் நடுவ விட்டுட்டு இந்த ஒட்டுகள மட்டும் வரிசையா பத்து தடவை ஓட்டுங்க. கேள்விய கேக்குறப்போ முரளி கூட்டத்தப் பாக்காம உங்களப் பாக்கணும், நீங்களும் பதில அவரப் பாத்து ஆரம்பிச்சு அப்புறம் கூட்டத்துப் பக்கம் திரும்பணும். கிளிக்கர் அடுத்துப் பேசப்போறவர் கையில இருக்கட்டும், ஹாலுல ஒரே மைக்னா முரளி கேள்விய முடிச்சிட்டுத்தான் நீட்டணும், பாதியில நீட்டுனா கடைசி வார்த்தை யாருக்கும் கேக்காது.